மஞ்சுளா சேர்த்த ஒரு வரி

எங்கள் ஆஸ்பத்திரியில் ஆபீஸ்காரர்களிடம் அதிகம் திட்டு வாங்கியவள் மஞ்சுளா. வேலை தெரியாததால் வாங்கிய திட்டு இல்லை. வேலையைச் சரியாகச் செய்ததால் வாங்கியது. அப்படிப்பட்டவள் ஒரே ஒரு நாள் தவறினாள். அந்த ஒரு நாளுக்காகத்தான் இப்போது இதை எழுதுகிறேன். அவளுக்கு நல்ல பெயர் வாங்கித் தருவதற்காக இல்லை. அந்தத் தவறில் எனக்கும் பங்கு உண்டு, ஊசி போட்ட கை என்னுடையது.

நான் கனீஸ் ஃபாத்திமா, வார்டு நர்ஸ். ஊர் வாணியம்பாடி. ஜவ்வாது மலை மேல் இந்த முப்பது படுக்கை அறக்கட்டளை ஆஸ்பத்திரிக்கு வந்து பதினோரு வருடம் ஆகிறது. மஞ்சுளா வந்து நான்கு வருடம். அவள் அடிவாரத்துச் சந்தவாசல் பெண். கல்யாணம் ஆன கையோடு கணவனுக்குக் காட்டிலாகாவில் வேலை கிடைத்து மேலே வந்தாள், எங்களிடம் டைப் அடிக்கச் சேர்ந்தாள்.

பெரிய டாக்டர் புருஷோத்தமன் காலையில் நாற்பது பேருக்குக் குறையாமல் பார்ப்பார். எழுத நேரமில்லை. ஒவ்வொரு நோயாளியையும் பார்த்து முடித்ததும் போனில் இரண்டு மூன்று நிமிடம் பேசிப் பதிவு செய்வார். தமிழும் ஆங்கிலமும் கலந்து, முன்னது பின்னது மாறி, நடுவில் யாரையாவது அதட்டியபடி வரும் பேச்சு அது. அந்தப் பதிவு வார்டு வராந்தாவைப் பார்த்த ஜன்னலோரம் இருக்கும் மஞ்சுளாவின் கம்ப்யூட்டருக்குப் போகும். அவள் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அதைத் தலைப்பு வாரியாகப் பிரித்துப் போடுவாள்: என்ன தொந்தரவு, எப்படி ஆரம்பித்தது, பழைய நோய்கள், சாப்பிடும் மாத்திரைகள், ஒவ்வாமை, பழக்கங்கள், பரிசோதனையில் கண்டது, டாக்டர் என்ன நினைக்கிறார், அடுத்து என்ன செய்ய வேண்டும். சாயங்காலம் டாக்டர் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். அப்புறம் வார்டில் யார் வந்து பார்த்தாலும் அந்தத் தாள்தான் வேதம்.

அவளுக்கு முன்பு இருந்தவர் வேகமான ஆள். டாக்டர் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்ததாகச் சொல்லாவிட்டாலும் 'இதய ஒலி இயல்பு, நுரையீரல் தெளிவு, வயிறு மென்மை' என்று எல்லோருக்கும் ஒரே அச்சில் ஊற்றிவிடுவார். கால் முள் எடுக்க வந்தவனுக்கும் வயிறு மென்மை. தாள் பார்க்க லட்சணமாக இருக்கும். மஞ்சுளா வந்த முதல் மாதமே டாக்டர் அவளிடம் சொன்னார்: "நான் சொன்னது விட்டுப்போனா கூடப் பரவால்லம்மா, இன்னொரு தபா கேட்டுக்கலாம். நான் சொல்லாதது ஒன்னு உள்ள வந்துச்சுன்னா, அது பொய்னு யாருக்குமே தெரியாது."

அவள் அதைப் பிடித்துக்கொண்டாள். டாக்டர் 'நெஞ்சு தெளிவு' என்றால் 'நெஞ்சு தெளிவு' என்று மட்டும் போடுவாள். அதை நீட்டி 'இளைப்புச் சத்தம் இல்லை' என்று அலங்காரம் செய்ய மாட்டாள். ஒவ்வாமை பற்றி டாக்டர் வாயே திறக்கவில்லை என்றால் அந்தக் கட்டத்தில் 'சொல்லப்படவில்லை' என்று வரும். 'இல்லை' என்று வராது. இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று நானே ஒருமுறை எரிச்சலோடு கேட்டேன்.

"இல்லன்னு போட்டா, டாக்டர் கேட்டாரு, அவங்க இல்லன்னு சொன்னாங்கன்னு அர்த்தம் சிஸ்டர். யாருமே கேக்கலியே. நீங்க அத நம்பி ஊசி போட்டுட்டீங்கன்னா?"

நியாயம்தான். அதற்குப் பிறகு அவள் தாளில் 'சொல்லப்படவில்லை' என்று பார்த்தால் நானே நோயாளியிடம் போய்க் கேட்டுவிடுவேன். சந்தேகம் வந்தால் அவளும் டாக்டருக்கு ஒரு கேள்விச் சீட்டு அனுப்பிவிட்டுத் தாளை நிறுத்தி வைப்பாள். பதில் வந்தால்தான் நகரும்.

இதெல்லாம் நிர்வாக அதிகாரி அசோக்குமாருக்கு ஆகாது. தர ஆய்வுக்கு வெளியிலிருந்து ஆட்கள் வரப்போகிறார்கள், அவர்கள் எத்தனை கட்டம் நிரம்பியிருக்கிறது என்றுதான் எண்ணுவார்கள் என்பது அவர் கவலை. "இன்னாம்மா இது, தாள் பூரா சொல்லல சொல்லலன்னு போட்டிருக்க? பாக்கறவன் டாக்டரு ஒன்னுமே கேக்கலன்னு நெனைக்க மாட்டான்?" என்று எல்லோர் முன்னாலும் கத்தினார். கேட்காததைக் கேட்கவில்லை என்று நினைத்தால் என்ன தப்பு என்று எனக்கு வாய் வரை வந்தது. சொல்லவில்லை. மஞ்சுளா தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். அது ஒரு திங்கட்கிழமை.

மறுநாள் காலை சிங்காரம் வந்தார். ஐம்பது வயது இருக்கும். சந்தவாசலிலிருந்து டூவீலரில் பிளாஸ்டிக் குடம், வாளி கட்டிக்கொண்டு மலை ஊர்களில் விற்கிறவர். பத்து நாளாகத் தலைவலி, நடந்தால் ஒரு பக்கமாகத் தள்ளுகிறது என்று வந்தார். கூடவே அவர் மனைவி திரௌபதி. டாக்டர் பார்த்துவிட்டு, அட்மிட் செய்யச் சொல்லிவிட்டுப் போனில் பேசினார். அந்தப் பதிவைப் பின்னால் நான்கு முறை கேட்டேன், அதனால் எனக்கு மனப்பாடம். பத்து நாள் தலைவலி, லேசான தள்ளாட்டம். நான்கு வாரத்துக்கு முன் வளைவில் வண்டி சறுக்கி விழுந்தார், தலை கல்லில் பட்டது, மயக்கம் வரவில்லை, எங்கும் காட்டவில்லை. சர்க்கரை இல்லை. ரத்த அழுத்தம் நூற்று அறுபதுக்கு நூறு. கண்பாவைகள் இரண்டும் சமம். அழுத்தத்துக்கு மாத்திரை, இரண்டு நாள் கவனிப்பு, வலி குறையாவிட்டால் கீழே அனுப்பித் தலை ஸ்கேன். அவ்வளவுதான். பழக்கங்கள் பற்றி ஒரு சொல் இல்லை.

அந்தக் கட்டத்தில் மஞ்சுளா வழக்கமாகப் போடுவதைப் போட்டிருக்க வேண்டும். போடவில்லை. அவளுக்குச் சிங்காரத்தைத் தெரியும். அவள் பள்ளிக்கூடம் போன காலத்தில் பஸ் ஸ்டாண்டில் வேட்டி அவிழ்ந்து கிடக்கும் சிங்காரத்தைத் தாண்டித்தான் தினமும் பஸ் ஏறுவாள். ஊரே அறிந்த குடி அது. அன்றைக்கு டாக்டருக்கு ஏற்கனவே மூன்று கேள்விச் சீட்டு அனுப்பியிருந்தாள். முந்தின நாள் வாங்கிய திட்டு இன்னும் காதில் இருந்தது. தெரிந்ததைத்தானே போடுகிறோம், இது டாக்டருக்கும் உதவும் என்று நினைத்தாள். 'மதுப்பழக்கம்: உண்டு, நீண்ட காலமாக' என்று அடித்தாள். அவள் நான்கு வருடத்தில் தானாகச் சேர்த்த வரி, அவள் சத்தியமாகச் சொன்னபடி, இது ஒன்றுதான். நான் நம்புகிறேன்.

டாக்டர் அன்று மாலை நாற்பது தாளுக்குக் கையெழுத்துப் போட்டார். எதையும் படிக்கவில்லை. மஞ்சுளாவின் தாள் என்றால் படிக்கத் தேவையில்லை என்று அவருக்கு ஒரு நம்பிக்கை. நம்பிக்கை என்பது எவ்வளவு நல்ல சொல், எவ்வளவு கேடு செய்கிறது!

புதன் மத்தியானம் டாக்டர் ஒரு கூட்டத்துக்காகத் திருவண்ணாமலை போனார். திரௌபதி மாற்றுத்துணி எடுத்து வர ஊருக்குப் போய்விட்டார், காலை முதல் பஸ்ஸில் வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டு. நாலு மணிக்குச் சிங்காரம் மாறிப்போனார். கட்டிலை விட்டு இறங்கி, "குடத்தக் கட்டுங்க, நேரமாச்சு" என்றார். டிரிப்ஸ் குழாயைப் பிடுங்கினார். என்னை யாரோ என்று நினைத்துத் திட்டினார். கை நடுங்கியது. நான் டியூட்டி டாக்டர் சக்திவேலைக் கூப்பிட்டேன். படிப்பு முடித்து எங்களிடம் வந்து நான்கு மாதம்தான் ஆன பையன், நல்ல பையன்.

எங்கள் கம்ப்யூட்டரில் ஒரு வசதி உண்டு. மதுப்பழக்கம், ஒவ்வாமை இரண்டையும் அது தானாக எடுத்து, தாளின் தலையில் மஞ்சள் பட்டையில் காட்டும். திறந்ததும் கண்ணில் படுவது அதுதான். வண்டியில் விழுந்த கதை கீழே, நாலாவது வரியில் இருந்தது.

"குடிக்கிறவரு சிஸ்டர். வந்து ரெண்டு நாள் ஆகுது, சரக்கு இல்ல. அதான் இப்படிப் பண்றாரு," என்றார் சக்திவேல். குடியை நிறுத்தினால் இரண்டாம் நாள் இப்படித்தான் கை நடுங்கும், புத்தி மாறும். நானும் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். பொருந்திப் போயிற்று. எல்லாம் கச்சிதமாகப் பொருந்திப் போனதுதான் எங்கள் கெட்ட காலம். அடங்குவதற்கு ஊசி எழுதினார். போட்டேன். அரை மணியில் சிங்காரம் தூங்கிவிட்டார். வார்டே நிம்மதியாகிவிட்டது.

அந்தத் தூக்கத்தை நாங்கள் ஊசியின் தூக்கம் என்று நினைத்தோம். ஆள் மயங்கிக்கொண்டு போனதை மருந்து மறைத்துவிட்டது. விடியலில் கண்ணைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். வலது கண்பாவை பெரிதாக விரிந்து, வெளிச்சத்துக்கு அசையாமல் நின்றது. சக்திவேலைக் கூப்பிட்டேன். ஆம்புலன்ஸில் ஏற்றி அனுப்பினோம். மலை இறங்கி முடிவதற்குள் போய்விட்டார். அதே ரோட்டில் எதிரே வந்த முதல் பஸ்ஸில்தான் திரௌபதி துணிப்பையோடு வந்துகொண்டிருந்தார்.

விபத்து என்பதால் போலீஸுக்குச் சொல்ல வேண்டியதாயிற்று, பிரேதப் பரிசோதனை நடந்தது. மண்டை ஓட்டுக்கு அடியில் பழைய ரத்தம் கட்டி மூளையை அழுத்தியிருக்கிறது என்று மூன்று வாரம் கழித்து அறிக்கை வந்தது. அன்று விழுந்ததில் மெல்ல மெல்லக் கசிந்தது.

அறிக்கை வருவதற்கு முன்பே திரௌபதி வந்துவிட்டார். பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள். கையில் நாங்கள் கொடுத்த மரணச் சுருக்கம் இருந்தது. அதில், பழைய தாளிலிருந்து அப்படியே வந்து உட்கார்ந்திருந்தது அந்த வரி. அவருடைய கொழுந்தன் அதைப் படித்துவிட்டுக் காரியத்துக்கு வந்தவர்கள் நடுவில், 'கடசியில குட்ச்சிதான் செத்தான்' என்று சொல்லியிருக்கிறான்.

"மூணு வருசமாச்சும்மா அவரு தொட்டு," என்றார் திரௌபதி. அவர் அழவில்லை, கோபமாகத்தான் இருந்தார். "பொண்ணு தலையில அடிச்சி சத்தியம் பண்ணாரு. அதோட சரி. பல்ல கடிச்சிக்கினு இருந்தாரு மனுசன். அத எத்தினி பேரு நம்பல தெரியுமா? இப்ப டாக்டரே எழுதிட்டாருன்னு காட்றானுங்க. அந்த வார்த்தய மட்டும் எடுத்துக் குடுங்க. வேற ஒன்னும் வேணாம்."

மூன்று வருடம். மஞ்சுளா ஊரை விட்டு வந்து நான்கு வருடம். அவளுக்குத் தெரிந்த சிங்காரம், அந்த ஆள் எப்போதோ விட்டுவிட்டு வந்த சிங்காரம். பெயர் கெட்டுப்போனவன் திருந்தினால் அவனுக்கு மட்டும்தான் தெரிகிறது, ஊருக்குச் செய்தி போய்ச் சேருவதில்லை.

டாக்டர் அறையில் நாங்கள் ஐந்து பேர் உட்கார்ந்தோம். பதிவைப் போட்டுக் கேட்டோம். முதல்முறை முடிந்ததும் டாக்டர், "இன்னொரு தபா போடு," என்றார். இரண்டாவது முறையும் அந்தச் சொல் வரவில்லை. சக்திவேல் சுவரைப் பார்த்தபடி இருந்தார். அசோக்குமார் பயந்து போயிருந்தார், பயந்தவனுக்கு மூளை வேகமாக வேலை செய்யும்.

"சார், ரவுண்ட்ஸ்ல நீங்க வாய்மொழியா கேட்டதா வெச்சிக்கலாம். பேஷண்டே ஒத்துக்கிட்டாருன்னு. மஞ்சுளா அப்பறமா சேத்தாங்க. முடிஞ்சிது. யாருக்கும் தொல்ல இல்ல. இல்லன்னா அந்த வரிய சத்தமில்லாம அழிச்சிட்டு வேற தாள் எடுத்துக் குடுத்துரலாம்."

மஞ்சுளா ஒரு தலையசைப்பு அசைத்திருந்தால் தப்பியிருப்பாள். வேலை நின்றிருக்கும், டாக்டர் பெயர் நின்றிருக்கும், சக்திவேலுக்கும் எனக்கும் கூட ஒரு சாக்குக் கிடைத்திருக்கும். சிங்காரம் மட்டும் என்றைக்குமாகக் குடிகாரனாகவே இருந்திருப்பார். உண்மையைச் சொல்கிறேன், அவள் தலையசைக்க மாட்டாளா என்று ஒரு நொடி நானும் ஆசைப்பட்டேன். அதை நினைத்தால் இன்றும் என் மேலேயே எனக்கு வெறுப்பாக வருகிறது.

"அவரு சொல்லல சார்," என்றாள் மஞ்சுளா. "நான்தான் போட்டேன். ஒரு தபா போட்டதே போதும். இப்ப அவரு ஒத்துக்கினாருன்னு இன்னொன்னு சேக்கணுமா?"

டாக்டர் தாளைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார். பிறகு, "கையெழுத்து என்னுது. நான் படிக்கல," என்றார். கையெழுத்தான தாளில் எதையும் அழிக்கக் கூடாது, அதுதான் முறை. பழைய வரி கோடு போட்டபடி, படிக்கும்படி அங்கேயே இருக்க வேண்டும். கீழே திருத்தக் குறிப்பு வர வேண்டும்: எது தவறு, யார் செய்தது, எப்போது தெரிந்தது, தேதி, பெயர்.

மஞ்சுளா அங்கேயே உட்கார்ந்து அடித்தாள். 'மதுப்பழக்கம் பற்றிய வரி டாக்டர் சொன்னதில் இல்லை. நோயாளியிடமும் கேட்கப்படவில்லை. தட்டச்சு செய்த மஞ்சுளா ஆகிய நான் என் சொந்த நினைவிலிருந்து சேர்த்தேன். இந்த வரியால்தான் தவறான சிகிச்சை நடந்து அவர் இறந்தார்.'

டாக்டர் படித்தார், இந்த முறை ஒவ்வொரு சொல்லாக. கடைசி வாக்கியத்தில் விரலை வைத்தார். "இத எடும்மா."

"அதுதான சார் நெஜம்?"

"அந்த வரி இல்லன்னா சக்திவேல் ஸ்கேனுக்கு அனுப்பியிருப்பானா? அனுப்பியிருந்தா பொழைச்சிருப்பாரா? உனக்குத் தெரியுமா? எனக்குத் தெரியாது. யாரும் கண்டு சொல்லாதத எழுதாத. உன்னத் தண்டிச்சிக்கக் கூட எழுதாத."

அவள் அந்த வாக்கியத்தை நீக்கினாள். அப்போதுதான் அழுதாள். குற்றத்தை ஒப்புக்கொள்வதில் ஒரு ஆறுதல் இருக்கிறது இல்லையா, அதுகூட அவளுக்குக் கிடைக்கவில்லை. டாக்டர் தன் பெயரையும் சேர்க்கச் சொன்னார்: 'படிக்காமல் கையொப்பமிட்டேன்.' பிறகு கையெழுத்துப் போட்டார்.

வெளியே காத்திருந்த திரௌபதியிடம் தாளைக் கொடுக்க நானும் மஞ்சுளாவும் போனோம். அவருக்குப் படிக்க வராது. மஞ்சுளாவே வரி வரியாகப் படித்துச் சொன்னாள். தன் பெயர் வரும் இடத்தில் நிறுத்தாமல் சொன்னாள். கோடு போட்ட வரியை விரலால் காட்டினாள்.

"இன்னும் இருக்குதே," என்றார் திரௌபதி.

"அழிக்கக் கூடாதுங்கக்கா. தப்புன்னு கீழ எழுதியிருக்கோம். யார் கேட்டாலும் ரெண்டையும் காட்டுங்க."

திரௌபதி அந்தக் கோட்டை வெகுநேரம் பார்த்தார். அப்புறம் மஞ்சுளாவின் முகத்தைப் பார்த்தார். "நீ கோபால்சாமி வூட்டுப் பொண்ணுதான?"

"ஆமாங்கக்கா."

"நீ போட்டதாலதான் அவரு செத்தாரா?"

ஆமாம் என்று அவள் சொல்லத் துடித்தது எனக்குத் தெரிந்தது. இல்லை என்று சொல்ல நான் துடித்தேன்.

"தெரியாதுங்கக்கா. நான் போட்டது நெஜம். அதுக்கு மேல எனக்குத் தெரியாது."

திரௌபதி தாளை நாலாக மடித்தார். "ரெண்டு நாளும் ஒன் சன்னலுக்கு அந்தாண்டதான் நான் ஒக்காந்துனு இருந்தேன்," என்றார். "ஒரு கொரலு குடுத்திருந்தா நானே சொல்லியிருப்பேனே."